ஊழியருக்குப் போடும் புள்ளி சரிதானா?

பெருநாளுக்கு முன்னரோ ஆண்டு முடிவிலோ, யாருக்கு எவ்வளவு போனஸ், யாருக்குச் சம்பள உயர்வு, யாரிடம் அடுத்த பொறுப்பை ஒப்படைப்பது என்று தீர்மானிக்க வேண்டிய வேளை கடை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வருகின்றது. எமது பிரதேசத்தில் பலர் இதை மனக்கணக்கிலேயே முடித்து விடுவார்கள். சிலர் ஒரு தாளில் ஊழியர்களின் பெயரை எழுதி, ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போட்டுத் தீர்மானிப்பார்கள். பெரிய கொம்பனிகளில் இதற்குச் செயலாற்றுகை மதிப்பீடு என்று பெயர். மனக்கணக்கை விடத் தாளில் எழுதுவது நல்லதுதான். ஆனால் அந்தத் தாளிலும் பிழை வரும். அந்தப் பிழை ஊழியரிடம் இருந்து வருவதில்லை. புள்ளி போடுபவரிடம் இருந்து வருகின்றது.

இதில் ஒரு வசதி உண்டு. பிழை நடந்திருக்கின்றதா என்பதை அந்தத் தாளே காட்டிக் கொடுக்கும். தாளைக் குறுக்காக ஒரு தடவையும் மேலிருந்து கீழாக ஒரு தடவையும் வாசிக்கத் தெரிந்தால் போதும். அதை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம்.

கல்முனைப் பிரதான வீதியில் ஒரு புடவைக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஊழியர்கள். முதலாளி அக்கரைப்பற்றில் ஒரு கிளை திறக்கப் போகின்றார். அதைப் பொறுப்பெடுக்க இந்த ஐவரில் ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டும். நேரத்துக்கு வருதல், வாடிக்கையாளரைக் கவனித்தல், கணக்குத் துல்லியம், சரக்குப் பராமரிப்பு என நான்கு விடயங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வீதம் புள்ளி போடுகின்றார். ஒருநாள் இரவு கடை பூட்டிய பின்னர் போட்ட புள்ளிகள், சொன்ன ஒழுங்கிலேயே, இப்படி அமைகின்றன:

சாரிப் பகுதி விற்பனையாளர்: 5, 5, 5, 5. மொத்தம் 20.
ஆண்கள் உடைப் பகுதி விற்பனையாளர்: 3, 3, 3, 3. மொத்தம் 12.
காசாளர்: 3, 3, 4, 3. மொத்தம் 13.
களஞ்சியப் பொறுப்பாளர்: 3, 3, 3, 3. மொத்தம் 12.
புதிதாகச் சேர்ந்த இளைஞர்: 2, 2, 2, 2. மொத்தம் 8.

இந்தத் தாளின்படி கிளை சாரிப் பகுதி விற்பனையாளருக்குப் போகும். புதிய இளைஞரை அனுப்பி விடலாமா என்ற யோசனையும் வரும். தீர்மானிக்கும் முன் தாளை வாசித்துப் பார்ப்போம்.

குறுக்காக வாசித்தல்

முதல் வரியைப் பாருங்கள். நான்கு விடயத்திலும் ஐந்து. கடைசி வரியில் நான்கிலும் இரண்டு. நேரத்துக்கு வருவது ஒரு குணம். மீட்டர் கணக்கைப் பிழையில்லாமல் எழுதுவது வேறொரு திறமை. இரண்டும் ஒருவரிடம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்படியிருக்க நான்கும் ஒரே இலக்கத்தில் வந்து நின்றால், முதலாளி நான்கு விடயத்தையும் தனித்தனியே பார்க்கவில்லை, ஒரே விடயத்தை நான்கு தடவை எழுதியிருக்கின்றார் என்றே சந்தேகிக்க வேண்டும்.

எமது உதாரணத்தில் நடந்ததும் அதுதான். சாரிப் பகுதி ஊழியர் இனிமையாகப் பேசுவார். ஒரு சாரி வாங்க வந்த குடும்பம் மூன்று சாரியோடு திரும்பும். அந்த ஒரு திறமையின் வெளிச்சம் அவருடைய வரவுப் புத்தகத்தின் மீதும் பில் துண்டுகளின் மீதும் விழுந்து, அங்கே இருந்த குறைகளை மறைத்து விட்டது. புதிய இளைஞரோ பெருநாள் வியாபார வேளையில் ஒரு வாடிக்கையாளரோடு வாக்குவாதப்பட்டு விட்டார். அந்த ஒரு சம்பவத்தின் நிழல் அவருடைய மற்ற மூன்று விடயங்களையும் மூடிவிட்டது.

முதல் வகைப் பிழைக்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர். ஓவியங்களில் புனிதர்களின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைவார்களே, அதிலிருந்து வந்த சொல் இது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் தோர்ண்டைக் 1920ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இப்பெயர் வருகின்றது. இரண்டு பெரிய தொழில் நிறுவனங்களின் ஊழியர்களைப் பற்றி 1915இல் செய்த ஆய்வொன்றில், புத்தி, உழைப்பு, தொழில் திறமை, நம்பகத்தன்மை என்று வெவ்வேறு விடயங்களுக்குப் போட்ட புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று மிக நெருக்கமாகவும் ஏறக்குறைய ஒரே அளவிலும் பொருந்தி வந்ததை அவர் கவனித்தார். இராணுவ அதிகாரிகளுக்கு அவர்களது மேலதிகாரிகள் போட்ட புள்ளிகளிலும் இதே கதைதான். உடற்கட்டுக்கு நல்ல புள்ளி பெற்றவர் புத்திக்கும் தலைமைத்துவத்துக்கும் நற்குணத்துக்கும் நல்ல புள்ளி பெற்றிருந்தார். உடற்கட்டுக்கும் புத்திக்கும் அவ்வளவு நெருங்கிய உறவு இருக்க முடியாது. எனவே, ஆளைப் பற்றிய மொத்த அபிப்பிராயம் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் கலந்து விடுகின்றது என்ற முடிவுக்கு அவர் வந்தார். இதன் மறுபக்கத்தை, அதாவது ஒரு குறை முழு ஆளையும் கறுப்பாக்கி விடுவதை, கொம்பு விளைவு என்பார்கள்.

ஆனால் ஒரே இலக்கம் வரிசையாக வந்தால் அது எப்போதும் பிழை என்று முடிவு கட்டக்கூடாது. எல்லா விடயத்திலும் உண்மையாகவே சிறந்த ஊழியர்களும் இருக்கின்றார்கள். அதைத் தீர்த்துக்கொள்ள அபிப்பிராயத்தை விட்டுவிட்டுக் கடையில் உள்ள தாள்களுக்குப் போக வேண்டும். முதலாளி கடந்த மூன்று மாதத்து வரவுப் புத்தகத்தைப் புரட்டுகின்றார். 75 வேலை நாட்களில் சாரிப் பகுதி ஊழியர் 19 நாட்கள் பிந்தி வந்திருக்கின்றார். அவர் எழுதிய பில் துண்டுகளில் 100ஐ எடுத்துப் பார்த்தால் 11இல் விலையோ மீட்டரோ பிழை. புதிய இளைஞரின் 100 துண்டில் 2தான் பிழை.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவை. சாரிப் பகுதியில் பின்னேரம் சனம் நெருக்கும். இளைஞரோ பெரும்பாலும் காலையில் ஆறுதலாக எழுதியிருப்பார். வெவ்வேறு நெருக்கடியில் செய்த வேலையை ஒப்பிடுவது நியாயமல்ல. ஆகவே பின்னேர வேளைத் துண்டுகளை மட்டும் இருவரிடமிருந்தும் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது இளைஞரின் பிழை 100க்கு 3 ஆகின்றது; மற்றவருடையது 11ஆகவே நிற்கின்றது. இனி சந்தேகத்துக்கு இடமில்லை. முதல் வரியில் இருந்தது ஒளிவட்டம்தான்.

மேலிருந்து கீழாக வாசித்தல்

இப்போது முதல் வரியையும் கடைசி வரியையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள மூவரையும் மேலிருந்து கீழாக வாசியுங்கள். மூன்று, மூன்று, மூன்று. காசாளருக்கு ஓரிடத்தில் மட்டும் நான்கு. மூன்று பேருடைய வேலையும் வேறு, பழக்கமும் வேறு, ஆனால் புள்ளி ஒன்று. இதற்கு மைய நாட்ட வழு என்று பெயர். கூட்டவும் மனமில்லை, குறைக்கவும் மனமில்லை, நடுவில் போட்டுவிட்டுப் போவது.

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மனத்தாட்சணியம். ஒருவருக்கு நான்கும் மற்றவருக்கு இரண்டும் போட்டால் கடைக்குள் கதை வரும் என்ற பயம். சொந்தக்காரரும் அயலவரும் வேலை செய்யும் எமது கடைகளில் இந்தப் பயம் அதிகம். இரண்டு, மூன்று என்றால் என்ன, நான்கு என்றால் என்ன என்று முன்கூட்டியே தீர்மானிக்காமை. அளவுகோலில் கோடு இல்லாவிட்டால் கை தானாக நடுவுக்குப் போகும். மூன்று, கண்ணால் காணாத விடயத்துக்கும் புள்ளி போடுவது. களஞ்சியப் பொறுப்பாளர் வாடிக்கையாளரோடு பேசுவதே இல்லை. காசாளருக்குச் சரக்குப் பராமரிப்பில் வேலை இல்லை. ஆனாலும் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட மனமின்றி முதலாளி மூன்று போட்டு நிரப்பியிருக்கின்றார்.

இந்தப் பிழை ஒளிவட்டத்தைப் போல் கண்ணைக் குத்தாது. ஆனால் நட்டம் பெரியது. களஞ்சியப் பொறுப்பாளர் இரவு பிந்தி நின்று சரக்கை எண்ணி வைப்பவர். அவருக்கும் பன்னிரண்டு, பக்கத்தில் சாதாரணமாக வேலை செய்பவருக்கும் பன்னிரண்டு என்றால் இருவருக்கும் ஒரே போனஸ்தான். அடுத்த வருடம் அவர் கட்டார் போனாலோ எதிர்க்கடைக்கு மாறினாலோ, ஏன் போனார் என்று முதலாளிக்கு விளங்காது. ஏனெனில் தாளில் அவர் ஒரு சாதாரண ஊழியர்.

பெரிய நிறுவனங்கள் இதற்கு ஒரு கடுமையான மருந்தைப் பயன்படுத்திப் பார்த்தன. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜெக் வெல்ச், ஊழியர்களை முதல் 20 வீதம், நடு 70 வீதம், கடைசி 10 வீதம் என்று கட்டாயம் பிரிக்கச் சொன்னார். நடுவில் ஒளிந்துகொள்ள வழியில்லை. ஆனால் நல்லவர்கள் மட்டுமே சேர்ந்த ஒரு பிரிவிலும் யாராவது ஒருவர் கடைசியில் நின்றாக வேண்டும் என்பது இம்முறையின் அநியாயம். பக்கத்தில் இருப்பவர் விழுந்தால்தான் தான் தப்பலாம் என்ற நிலையில் ஒத்துழைப்பும் கெட்டுவிடும். இதே போன்ற தரவரிசை முறையை வைத்திருந்த மைக்ரோசொப்ட் நிறுவனம் 2013இல் அதைக் கைவிட்டது. ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கு இந்த மருந்து பொருந்தவே பொருந்தாது.

நடுவில் போடுவது ஆபத்து என்பதால் எல்லோருக்கும் தாராளமாகப் போட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அதன் விளைவை இந்திய உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் காணலாம். தேவ் தத் என்பவர் எல்லை வீதிகள் பொறியியற் சேவையில் பணியாற்றிய பொறியியலாளர். அவருடைய பதவி உயர்வுக்கு ஐந்து வருட இரகசிய அறிக்கைகளிலும் ‘மிக நன்று’ என்ற தரம் இருக்க வேண்டும். 1993-94ஆம் வருட அறிக்கையில் மட்டும் ‘நன்று’ என்று இருந்தது. அதனால் பதவி உயர்வு கைநழுவிப் போனது. ‘நன்று’ என்பது குறை கூறும் சொல் அல்ல என்பதால் அதை அவருக்கு அறிவிக்கவும் இல்லை. மிக நன்று என்பது கட்டாயமான இடத்தில் நன்று என்பதே தண்டனையாகி விடுகின்றது, ஆகவே எந்தப் பதிவானாலும் உரியவருக்குக் காட்ட வேண்டும், அவர் மறுப்புச் சொல்ல இடமளிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 2013இல் மூன்று நீதிபதிகள் அமர்வும் இதை உறுதி செய்தது. எல்லோருக்கும் உயர்ந்த புள்ளி போட்டால் புள்ளியின் பெறுமதி இறங்கும்; நல்ல சொல்லும் வசவாக மாறும்.

திரும்பப் புள்ளி போடும் முறை

எமது புடவைக்கடை முதலாளி புதிய தாள் ஒன்றை எடுக்கின்றார். இம்முறை மூன்று விடயங்களை மாற்றுகின்றார்.

முதலாவது, ஒவ்வோர் இலக்கத்துக்கும் என்ன பொருள் என்று முன்னரே எழுதுகின்றார். பில் துண்டுக்கு, 100இல் ஒன்றுக்கு மேல் பிழையில்லை என்றால் ஐந்து. இரண்டோ மூன்றோ என்றால் நான்கு. நான்கு முதல் ஆறு வரை மூன்று. ஏழு முதல் பத்து வரை இரண்டு. அதற்கு மேல் ஒன்று. நேரத்துக்கும் சரக்குக்கும் இதே போல் கோடு கீறுகின்றார். காசாளருக்குப் பில் துண்டு இல்லை. எனவே கடை பூட்டும்போது காசும் கணக்கும் ஒத்துப் போகாத நாட்களை எண்ணுகின்றார். வாடிக்கையாளரைக் கவனிப்பதை இலக்கத்தில் எண்ண முடியாது. அதற்கு, ‘ஒன்று இல்லை என்றால் மாற்றுச் சாமான் காட்டுகின்றார்’, ‘கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுக்கின்றார்’, ‘முகம் கொடுத்துப் பேசுவதில்லை’ என்று கண்ணால் காணும் நடத்தையை எழுதுகின்றார்.

இரண்டாவது, ஆள் ஆளாகப் போடாமல் விடயம் விடயமாகப் போடுகின்றார். முதலில் ஐவருக்கும் நேரத்துக்கான புள்ளி. அதை முடித்த பின்னர் ஐவருக்கும் கணக்குத் துல்லியம். இப்படிப் போடும்போது ஓர் ஆளின் வெளிச்சம் அடுத்த கட்டத்துக்குப் பரவ இடம் குறைகின்றது. காணாத விடயத்தை வெறுமையாக விடுகின்றார்.

மூன்றாவது, மேசை லாச்சியில் ஒரு கொப்பி வைக்கின்றார். ஊழியரின் குறிப்பிடத்தக்க செயலை, நல்லதோ கெட்டதோ, நடந்த அன்றே திகதியோடு ஒரு வரியில் எழுதுவதற்கு. அமெரிக்க உளவியலாளர் ஜோன் பிளனகன் 1954இல் விளக்கி எழுதிய முறையின் சிறிய வடிவம் இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப்படையினரைப் பற்றிய ஆய்வுகளில் இருந்து அது வளர்ந்தது. கொப்பி இல்லாவிட்டால் கடைசி இரண்டு கிழமையில் நடந்தது மட்டுமே நினைவில் நிற்கும். புதிய இளைஞரின் வாக்குவாதம் பெருநாள் வாரத்தில் நடந்திராமல் பத்து மாதத்துக்கு முன் நடந்திருந்தால் முதலாளிக்கு நினைவே இருந்திராது.

புதிய தாள் இப்படி வருகின்றது:

சாரிப் பகுதி விற்பனையாளர்: 2, 5, 1, 3. சராசரி 2.75.
ஆண்கள் உடைப் பகுதி விற்பனையாளர்: 4, 3, 3, 3. சராசரி 3.25.
காசாளர்: 5, 3, 4, வெறுமை. சராசரி 4.
களஞ்சியப் பொறுப்பாளர்: 5, வெறுமை, 4, 5. சராசரி 4.67.
புதிய இளைஞர்: 4, 2, 4, 4. சராசரி 3.5.

வெறுமையான கட்டங்கள் இருப்பதால் மொத்தத்தை ஒப்பிடக் கூடாது. போட்ட கட்டங்களின் சராசரியையே எடுக்க வேண்டும். இனி இதைக் குறுக்காக வாசித்தால், ஒவ்வொருவரின் பலமும் பலவீனமும் தனித்தனியே தெரிகின்றன. மேலிருந்து கீழாக வாசித்தால் ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரிகின்றது.

ஆனால் சராசரியை மட்டும் பார்த்துக் கிளையைக் கொடுத்து விடவும் கூடாது. கிளைப் பொறுப்பு என்பது நேரத்துக்குக் கடை திறப்பது, காசைக் கணக்கோடு ஒப்படைப்பது, சரக்கைக் காப்பது, வருபவரைக் கவனிப்பது ஆகிய நான்கும் சேர்ந்தது. களஞ்சியப் பொறுப்பாளர் முதல் மூன்றிலும் நிற்கின்றார். நான்காவது இன்னும் தெரியாது, கட்டம் வெறுமை. அவரை ஒரு மாதம் கடை முன்னால் நிறுத்திப் பார்த்த பின்னர் முடிவெடுப்பதே முறை. சாரிப் பகுதி ஊழியர் மோசமானவர் என்றும் இந்தத் தாள் சொல்லவில்லை. வியாபாரம் பேசுவதில் அவருக்கு ஐந்துக்கு ஐந்து. அவர் இருக்க வேண்டிய இடம் சாரிப் பகுதிதான். அக்கரைப்பற்றுக் காசுப் பெட்டி அல்ல. புதிய இளைஞரை அனுப்பி விடும் யோசனைக்கு இனி இடமே இல்லை. அவருக்குத் தேவை, வாடிக்கையாளரோடு பேசப் பழகுவது மட்டும்தான்.

கடைசி வேலை, புள்ளியை உரியவருக்குக் காட்டுவது. அதுவும் தாளோடு மட்டும் அல்ல, ஆதாரத்தோடு. ‘உனக்குக் கணக்கில் ஒன்றுதான்’ என்று சொன்னால் முகம் சுருங்கும். பிழையான 11 துண்டையும் மேசையில் வைத்துவிட்டுப் பேச வேண்டும்.

“தம்பி, இந்தத் துண்டுகளக் கொஞ்சம் பாருங்க. மீட்டர் கணக்குப் பிழைச்சிருக்கு.”

“எல்லாம் பின்னேரம் எழுதினது முதலாளி. சனம் நெருக்குற நேரம் அளக்கிறதும் நான், எழுதுறதும் நான். ஒராள் அளந்து ஒராள் எழுதினாப் பிழைக்காது.”

முதலாளிக்குத் தெரியாத ஒரு விடயம் இப்போது வெளியே வந்திருக்கின்றது. பில் எழுதுவதில் நான்கு பெற்ற இளைஞரைப் பின்னேர வேளைகளில் சாரிப் பகுதியில் துண்டு எழுத வைக்கலாம். அங்கே நின்றால் அவர் வாடிக்கையாளரோடு பேசும் முறையையும் பக்கத்தில் இருந்தே கற்றுக்கொள்வார். மூன்று மாதம் கழித்து மறுபடி 100 துண்டை எடுத்து எண்ணிப் பார்த்தால், ஏற்பாடு சரிவந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

உங்கள் கடையிலும் போன வருடத்துப் புள்ளித்தாள் இருந்தால் தேடி எடுங்கள். ஒரே வரியில் ஒரே இலக்கம் நிற்கும் இடங்களுக்கும், மேலிருந்து கீழாக மூன்று மட்டுமே நிற்கும் இடங்களுக்கும் ஒரு கோடு போடுங்கள். இந்த வருட போனஸைத் தீர்மானிக்கும் முன், அந்தக் கோட்டுக்குரிய ஊழியர்களின் வரவுப் புத்தகத்தையும் பில் துண்டுகளையும் எடுத்துப் பாருங்கள்.